கல்யாண வீடியோ எடிட்டர் எந்த வருமானத்தில் எதை வாங்கலாம்?

"அண்ணா, எடிட்டிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த லேப்டாப் வாங்கட்டும்?"

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் இருந்தபடியே ஃப்ரீலான்ஸாகக் கல்யாண வீடியோ எடிட் செய்ய நினைக்கும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் கேட்பது இதைத்தான். நான் மாடல் பெயர் எதுவும் சொல்வதில்லை. இப்போது கையில் என்ன இருக்கிறது, மாதம் எத்தனை வேலை வருகிறது, ஆடி மாதத்தில் எவ்வளவு வந்தது என்று திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் எந்தக் கருவியை வாங்கினாலும், அது தேவையா இல்லையா என்பது பணம் போன பிறகுதான் தெரியவரும்.

இங்கே நான் விளக்க வருவது ஒரே ஒரு முறை. ஒரு பொருளை வாங்கும் முன் அதை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். உங்கள் வேலை இப்போது எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தை அந்தப் பொருள் சரிசெய்கிறதா என்பது முதல் சோதனை. வருமானம் குறைந்த மாதத்திலும் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்பது இரண்டாவது. எந்த ஃப்ரீலான்ஸ் தொழிலுக்கும் இந்த முறை பொருந்தும் என்றாலும், எனக்கு நன்றாகத் தெரிந்த கல்யாண வீடியோவை வைத்தே சொல்கிறேன்.

முதல் கட்டம், வருமானமே இல்லாத கட்டம். ஸ்டுடியோக்காரர் ஒருவர், "ஒரு கல்யாணம் தர்றேன், பண்ணிப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். இந்த நிலையில் கணினி வாங்க வேண்டாம். காலேஜ் படிக்கும்போது வாங்கிய 8 ஜிபி ரேம் லேப்டாப் வீட்டில் இருந்தால் அது போதும். "4கே ஃபைலை அதில் ஓட்டவே முடியவில்லையே" என்பீர்கள். நேராக ஓட்டினால் ஓடாதுதான். அதற்கென்றே இருப்பது ப்ராக்ஸி.

ப்ராக்ஸி என்றால், கேமராவில் எடுத்த பெரிய ஃபைலுக்குச் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை வைத்து வெட்டி ஒட்டுவது. வேலை முடிந்து கடைசியாக ரெண்டர் செய்யும்போது சாஃப்ட்வேர் தானாகவே மூல ஃபைலுக்குப் போய்விடும், அதனால் இறுதி வீடியோவின் தரம் குறையாது. கல்யாணத்துக்கு வரும் கேமராக்களில் 4கே பதிவு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இருப்பது சாதாரணம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி வரும். அந்த அளவில், அதுவும் கடுமையாகச் சுருக்கிய ஃபைலை விரித்துக் காட்டத்தான் பழைய லேப்டாப் திணறுகிறது. 720பி நகலில் அந்தத் திணறல் இருக்காது. நகல் எடுக்க நேரமாகும் என்பது உண்மைதான். ஆனால் படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

சாஃப்ட்வேரிலும் இந்தக் கட்டத்தில் காசு போட வேண்டியதில்லை. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் முழுக்க இலவசம், இரண்டிலும் ப்ராக்ஸி வசதி உண்டு, 8 ஜிபி லேப்டாப்பில் ஓரளவு ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இவற்றைவிடப் பல மடங்கு திறமையானது. ஆனால் அதற்கு 16 ஜிபி ரேமும் சுமாரான கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். 8 ஜிபியில் அதைப் போட்டுவிட்டு, "லேப்டாப் சரியில்லை" என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. லேப்டாப்பில் குறை இல்லை, அந்தக் கட்டத்துக்குப் பொருந்தாத சாஃப்ட்வேர் அது.

சாஃப்ட்வேரை முடிவு செய்யும் முன் ஸ்டுடியோக்காரரிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: "அண்ணா, உங்களுக்கு முடிச்ச வீடியோ மட்டும் போதுமா, ப்ராஜெக்ட் ஃபைலும் வேணுமா?" முடித்த வீடியோ போதும் என்றால் எந்த சாஃப்ட்வேரில் செய்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ப்ராஜெக்ட் ஃபைலும் வேண்டும், பிறகு நாங்களே திருத்துவோம் என்றால் அவர்கள் வைத்திருக்கும் எடியஸோ பிரீமியரோதான் உங்களுக்கும் வேண்டியிருக்கும். அப்போது அந்தச் செலவைக் கூலியில் சேர்த்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய கணினியிலேயே உட்கார்ந்து செய்து கொடுங்கள். கிராக் செய்த பதிப்பை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். அதோடு ரான்சம்வேர் வந்து டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டால், மாட்டிக்கொள்வது இன்னொரு குடும்பத்தின் முகூர்த்தம். அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, ஒயர் வைத்த, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் ஒலிக்கும்போது மைக்கில் ஒலி உடைந்திருக்கிறதா என்பது லேப்டாப் ஸ்பீக்கரில் தெரியாது. மண்டபத்து ஜெனரேட்டர் இரைச்சலும் அப்படித்தான். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதித்து வருவதால் அதை வைத்து உதட்டசைவோடு ஒலியைப் பொருத்துவது சிரமம்.

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து நான்கு மணி நேரப் பதிவு என்றால் 360 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் இரண்டு கல்யாணம் வைக்கலாம், மூன்றாவதுக்கு இடமில்லை. நம் ஊரில் இந்த அளவை இன்டர்நெட்டில் அனுப்புவது நடக்கிற காரியமும் இல்லை. நொடிக்கு 50 மெகாபிட் அப்லோட் தடங்கலில்லாமல் கிடைத்தாலே 16 மணி நேரம் பிடிக்கும். அதனால் ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் டிஸ்க்கையே கொடுத்து அனுப்புவார்கள். அந்த டிஸ்க்கிலேயே எடிட் செய்ய உட்காராதீர்கள். முதலில் உங்கள் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், ஸ்டுடியோ டிஸ்க்கைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வீடியோ வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேரும் வரை மூலப் பதிவு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோவோடு வாட்ஸாப்பில் எழுத்தாகவே பேசிவையுங்கள். ஆக, உங்கள் வேலைக்கு முதலில் தேவைப்படுவது வேகம் தரும் பொருள் அல்ல, பாதுகாப்பு தரும் பொருள்.

சரி, வேலை வர ஆரம்பித்துவிட்டது. அடுத்து எதை வாங்குவது? முதல் சோதனை முக்கியமாகும் இடம் இதுதான்.

பாலக்கோட்டில் இருந்து வேலை செய்யும் ஓர் எடிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுக் கல்யாண வீடியோ, ஹைலைட்ஸ், ஒரு ரீல், மூன்றும் சேர்த்து 7,000 ரூபாய் வாங்குகிறார். நல்ல மாதத்தில் நான்கு கல்யாணம், அதாவது 28,000. ஒரு கல்யாணத்துக்கு 40 மணி நேரம் உட்காருகிறார். லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. "மெதுவா இருக்கு" என்ற எரிச்சலில், 90,000 ரூபாய்க்குப் புதிய கணினி வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

அவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு கல்யாணம் முழுக்க நேரத்தைக் குறித்து வைப்பது. ஒரு நோட்டுப் போதும். கணினி வேலை செய்ய, தான் சும்மா காத்திருந்த நேரத்தைத் தனியாக எழுத வேண்டும். கிளிப் திறக்கக் காத்திருந்தது, டைம்லைன் உறைந்து நின்றது, சாஃப்ட்வேர் மூடிக்கொண்டு மறுபடி திறந்தது, இதெல்லாம். இரவில் தானாக ஓடிய ரெண்டரையும் ப்ராக்ஸியையும் அதில் சேர்க்கக் கூடாது. அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ரெண்டர் மூன்று மணி நேரம் ஆனாலும் ஆறு மணி நேரம் ஆனாலும் அவருடைய உழைப்பு நேரத்தில் எதுவும் குறையவில்லை. விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்படும் ரெண்டர் வேகம் பெரும்பாலும் இந்தத் தூங்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது. அதற்குப் போய்ப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிக் குறித்ததில், 40 மணி நேரத்தில் பத்து மணி நேரம் காத்திருப்பு என்று வந்தது என வைத்துக்கொள்வோம்.

அடுத்து, எதனால் காத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். டைம்லைன் திணறும் அந்த நேரத்திலேயே Ctrl + Shift + Esc அழுத்தினால் விண்டோஸின் Task Manager திறக்கும். அதில் Performance பகுதிக்குப் போனால் CPU, Memory, Disk, GPU என்று தனித்தனி வரைபடங்கள் ஓடும். Memory ஏறக்குறைய நிரம்பி, அதே நேரம் Disk 100 சதவீதத்தில் நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேமில் இடமில்லாததால் விண்டோஸ் டிஸ்க்கைத் தற்காலிக ரேமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. Memory-யில் இடம் இருந்தும் Disk மட்டும் 100-இல் நின்றால், டிஸ்க் மெதுவாக இருக்கிறது, எஸ்எஸ்டி போட்டால் சரியாகும். CPU மட்டும் உச்சத்தில் நின்றால் பெரும்பாலும் ஃபைலை விரிப்பதில் திணறல், அதற்கு மருந்து ப்ராக்ஸி. ப்ராக்ஸி போட்ட பிறகும், கலர் கரெக்‌ஷன் சேர்த்தவுடன் GPU உச்சத்துக்குப் போனால்தான் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேச வேண்டும்.

பாலக்கோட்டுக்காரருக்கு Memory நிரம்பி Disk முட்டிக்கொண்டு நிற்கிறது. Memory பக்கத்திலேயே Slots used என்று ஒரு வரி இருக்கும். அங்கே 1 of 2 என்று இருந்தால் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுவார்கள், அதை ஏற்ற முடியாது. கடைக்காரரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. அவருடையதில் இடம் இருந்தது. ரேமை 16 ஜிபி ஆக்கவும் ஒரு எஸ்எஸ்டி போடவும் 8,000 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். உண்மை விலையை அன்றைக்குக் கேட்டுத்தான் போட வேண்டும், ரேம் விலை ஏறி இறங்குவது நம் ஊர்த் தக்காளி விலைக்குக் குறைந்ததல்ல.

இதனால் பத்து மணி நேரக் காத்திருப்பு நான்காகக் குறைந்தால், ஒரு கல்யாணம் 34 மணி நேரத்தில் முடியும். கல்யாணத்துக்கு ஆறு மணி நேரம் மிச்சம், மாதத்துக்கு 24 மணி நேரம். 7,000 ரூபாயை 34-ஆல் வகுத்தால் அவருடைய ஒரு மணி நேரம் 200 ரூபாய்க்குச் சற்று மேலே. ஆக மாதம் சுமார் 4,800 ரூபாய் மதிப்புள்ள நேரம் கையில் வருகிறது. 8,000 ரூபாய் இரண்டு நல்ல மாதத்தில் திரும்பிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மிச்சமான நேரத்தில் செய்ய இன்னொரு வேலை இருந்தால்தான் அது பணம். ஸ்டுடியோவில் கல்யாணம் காத்திருந்து, "நேரமில்லை அண்ணா" என்று இவர் மறுத்துக்கொண்டிருந்தால் 4,800 உண்மை. கூடுதல் வேலையே இல்லை என்றால் மிச்சமாவது ஓய்வு மட்டும்தான். ஓய்வும் வேண்டியதுதான், அதற்காக 8,000 செலவழிப்பதும் தவறில்லை. ஆனால் "போட்ட பணம் திரும்பி வரும்" என்று கணக்கெழுதிக் கடன் வாங்கக் கூடாது.

இதே கணக்கை 90,000 ரூபாய் கணினிக்கும் போட்டுப் பார்க்கலாம். ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றிய பிறகு மிச்சமிருப்பது நான்கு மணி நேரக் காத்திருப்பு. புதிய கணினி அதில் மூன்றைக் குறைக்கும் என்றால், நான்கு கல்யாணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதாவது 2,400 ரூபாய். வருடத்தில் ஏழு நல்ல மாதம் என்று வைத்தால் 16,800. போட்ட 90,000 திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கணினியே பழசாகியிருக்கும். இப்போது வாங்குவது நியாயமில்லை என்பது எண்ணிலேயே தெரிகிறது.

ரேம் 16 ஜிபி ஆனதும் சாஃப்ட்வேரிலும் ஒரு படி ஏறலாம், அதுவும் காசில்லாமல். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்புக்கு மாற இதுதான் நேரம். கிராபிக்ஸ் கார்டு சுமாராக இருந்தால் ப்ராக்ஸியோடு ஓட்டிக்கொள்ளலாம். அது 4கே வரை, வாட்டர்மார்க் இல்லாமல் வீடியோவை வெளியே எடுத்துக் கொடுக்கும். இருட்டு மண்டபத்தில் எடுத்த கிளிப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற சிலது மட்டும் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. இன்னொன்று, 10 பிட்டில் எடுத்த சில கேமரா ஃபைல்கள் இலவசப் பதிப்பில் திறக்காமல் போகலாம், அல்லது கடுமையாகத் திணறலாம். புதிய ஸ்டுடியோவோடு வேலை பேசும்போதே, "ஒரு சாம்பிள் கிளிப் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று கேட்டு வாங்கித் திறந்து பார்த்துவிடுங்கள். வேலையை ஒப்புக்கொண்ட பிறகு தெரிந்தால் அவசரத்தில் பணம் போட வேண்டியிருக்கும்.

இனி இரண்டாவது சோதனை. கல்யாண வேலைக்கு வருமானம் சமமாக வராது. தை, வைகாசி, ஆவணியில் மண்டபம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இருக்காது, புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கிறார்கள். அந்த மாதங்களில் ஒரு வளைகாப்பு, ஒரு கோயில் திருவிழா என்று 7,000 ரூபாய் வந்தால் பெரிது. ஆனால் சந்தாவும் ஈஎம்ஐயும் ஆடி என்று பார்க்காது.

அதனால் நான் செலவை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு முறை கொடுத்து முடிவது, மாதா மாதம் போவது. ஒரு முறை கொடுப்பதை நல்ல மாதத்து மிச்சத்தில் வாங்கலாம். மாதா மாதம் போவதை மட்டும் மோசமான மாதத்து வருமானத்தை வைத்து அளக்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு, எல்லாச் சந்தாவும் சேர்ந்து மோசமான மாத வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. அந்த மாதம் 7,000 என்றால் சந்தாவுக்கு 700 ரூபாய். எடிட்டிங் சாஃப்ட்வேர் சந்தா மாதம் 2,000 ரூபாய் ஆகும் என்றால், ஆடி மாதத்திலேயே 20,000 வரும் வரை அது உங்களுக்கு இல்லை. வைகாசியில் 28,000 வந்ததே என்று பார்த்துப் போடுவதுதான் நம்மைச் சிக்கவைக்கிறது.

சந்தாவில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மாதம் இவ்வளவு என்று காட்டும் விலை பல நேரம் ஒரு வருட ஒப்பந்தத்தின் மாதத் தவணை. அடோபியில் அப்படியொரு திட்டம் இருக்கிறது, ஆரம்பச் சலுகை நாட்கள் கடந்த பிறகு இடையில் நிறுத்தினால் மிச்ச மாதங்களுக்கான தொகையில் ஒரு பகுதியைக் கட்டணமாகப் பிடிப்பார்கள். ஒப்பந்தமில்லாத மாதத் திட்டத்துக்கு விலை அதிகம், ஆனால் நினைத்த மாதம் நிறுத்தலாம். ஆடியில் நிறுத்தி ஆவணியில் மறுபடி போடுகிறவருக்கு இரண்டாவதே லாபமாகலாம், கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கல்யாண எடிட்டருக்கு ஒரு முறை வாங்கும் சாஃப்ட்வேர் பொருந்துவதற்குக் காரணமும் இதுதான். ரிசால்வின் ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே முறை, இதுவரை புதிய பதிப்புகளுக்கும் தனியாகக் கேட்டதில்லை. தை மாதத்து மிச்சத்தில் ஒரே மூச்சில் வாங்கிவிட்டால் அடுத்த ஆடியைப் பற்றிய கவலை இல்லை.

ஈஎம்ஐக்கும் இதே விதிதான். நோ காஸ்ட் ஈஎம்ஐ என்று போட்டிருந்தாலும், ப்ராசசிங் கட்டணமும் வட்டிப் பங்குக்கு ஜிஎஸ்டியும் பில்லில் வரலாம், முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் கைவிட்டுப் போகலாம். இதைவிட, கூலி வரும் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நான்கு கல்யாணத்து 28,000-இல் 5,600 சேரும். இரண்டு மாதத்தில் ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிவிடலாம். அந்தக் கணக்கை ஒரு நாளும் முழுக்கக் காலி செய்யாதீர்கள். டிஸ்க் ஒன்று திடீரென்று போனால் அன்றைக்கே இன்னொன்று வாங்கும் அளவுக்கு அதில் எப்போதும் இருக்க வேண்டும்.

வேலை சீராக வரத் தொடங்கிய பிறகு வாங்க வேண்டியது மானிட்டர். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவற்றில் 45% என்டிஎஸ்சி என்று விவரத்தில் போட்டிருக்கும். வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் ஒரு பங்கை அது காட்டாது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் அரக்குப் பட்டுப்புடவை வெளுத்துத் தெரியும். நீங்கள் நிறத்தை ஏற்றுவீர்கள். வீட்டுக்காரர் தங்கள் டிவியில் போட்டுப் பார்க்கும்போது புடவை எரியும், மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகத் தெரியும். திருத்தம் கேட்டு வேலை திரும்பி வரும். இப்படிக் கலருக்காகவே திரும்பி வரும் வேலை மாதத்துக்கு இரண்டு என்றால், எஸ்ஆர்ஜிபி முழுதாகக் காட்டும் ஒரு ஐபிஎஸ் மானிட்டர் தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும். அதுவரை, நல்ல திரை உள்ள ஒரு போனில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இப்போது அந்த 90,000 ரூபாய்க் கணினிக்கு வருகிறேன். அது எப்போது நியாயமாகும்? பழைய வேலையையே கொஞ்சம் வேகமாகச் செய்ய அல்ல, பழைய கணினியால் செய்யவே முடியாத ஒரு வேலை காசோடு வரும்போது. கல்யாணத்தில் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு சேம் டே எடிட். காலை முகூர்த்தத்தில் எடுத்ததை வெட்டி, அன்று மாலை ரிசப்ஷன் மேடைத் திரையில் நான்கு நிமிடப் படமாக ஓட்டுவது. ஓசூர், பெங்களூரு பக்கத்து ஸ்டுடியோக்கள் இதைக் கேட்பார்கள். இங்கே ப்ராக்ஸி போட்டுவிட்டுத் தூங்க ராத்திரி கிடையாது. மதியம் பன்னிரண்டுக்குக் கார்டு கைக்கு வந்தால் ஐந்தரைக்குள் முடித்த ஃபைல் எல்இடி திரைக்காரர் கையில் இருக்க வேண்டும். ரெண்டர் நேரம், நகல் எடுக்கும் நேரம், கார்டு ரீடரின் வேகம்கூட இங்கே பணம்.

ஒரு சேம் டே எடிட்டுக்குப் 15,000 ரூபாய், நல்ல மாதத்தில் இரண்டு வருகிறது என்று வைப்போம். மாதம் 30,000 கூடுதல். மூன்று நல்ல மாதத்தில் கணினி விலை வந்துவிடுகிறது. இது ஐந்து வருடக் கணக்கு அல்ல, ஒரு சீசன் கணக்கு. ஆனாலும் முதல் இரண்டு வேலைக்கு வாங்காதீர்கள். வேகமான லேப்டாப் ஒன்றை நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது ஸ்டுடியோவின் லேப்டாப்பையே கேளுங்கள். அந்த நெருக்கடியில் வேலை செய்ய உங்களுக்கு ஒத்துவருகிறதா, ஸ்டுடியோ சொன்னபடி காசு தருகிறதா, மூன்றாவது வேலை வருகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். மேலும், இந்த வேலைக்கு மண்டபத்துக்கே கொண்டுபோக வேண்டியிருப்பதால் டெஸ்க்டாப் உதவாது. வீட்டில் மட்டும் செய்பவருக்கு அதே காசில் டெஸ்க்டாப் கூடுதல் வேகம் தரும். ஆனால் விலையோடு மானிட்டரையும் யூபிஎஸ்ஸையும் சேர்த்துப் போடுங்கள். ராத்திரி இடி மழையில் கரண்ட் போனால் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அதுவரை ஓடிய ரெண்டர் போயிற்று, டிஸ்க்குக்கும் நல்லதல்ல. லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யூபிஎஸ்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய லேப்டாப் வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் பழுதானால் பஸ் ஏறி ஒரு நாளை அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலேயே பார்த்துத் தரும் கடையில் ஓரிரண்டு ஆயிரம் கூடக் கொடுப்பது சீசன் நேரத்தில் லாபம். இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. கடையில் நின்றபடியே Command Prompt திறந்து இதை அடித்துப் பாருங்கள்:

```
powercfg /batteryreport
```

ஒரு அறிக்கை ஃபைல் உருவாகும், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டும். அதைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். அப்புறம் உங்கள் ஸ்டுடியோ அனுப்பிய அந்த சாம்பிள் கிளிப்பை எஸ்எஸ்டியில் எடுத்துப் போய், அங்கேயே திறந்து ஓட்டிப் பாருங்கள். காரில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்த பிறகு சோதிப்பதில் பயனில்லை.

புதிய கணினி வந்தவுடன் பழைய லேப்டாப்பை விற்காதீர்கள். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட லேப்டாப்புக்குச் சந்தையில் கிடைப்பது சொற்பம். வீட்டில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. ஸ்டுடியோ டிஸ்க்கிலிருந்து நகல் எடுப்பது, ப்ராக்ஸி போடுவது, முடித்த வீடியோவை அப்லோட் செய்வது எல்லாம் அதில் ஓடட்டும். புதியது சர்வீசுக்குப் போன வாரத்தில், ஷாட்கட்டையும் ப்ராக்ஸியையும் வைத்து அதிலேயே ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிடலாம்.